1804-இலேயே நீராவி இஞ்சின் ஓடிவிட்டது. பிறகு 1830 வரை குதிரை ஏன் இழுத்துக்கொண்டிருந்தது?

நிலாமுற்றம்:
ரயிலின் தொடக்க வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இஞ்சின் 10 டன் இரும்பையும் ஏறிக்கொண்ட சுமார் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் போயிருக்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. இடையில் பாதையை மறித்த மரங்களை வெட்டி, பாறைகளை அகற்ற வேண்டியிருந்தது என்பதால் அந்த நேரமும் அதில் அடக்கம். ஆலை முதலாளி 500 கினி பந்தயத்துக்காக இதைச் செய்யவைத்தார் என்கிறார்கள்.

ஆனால் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை திறக்கப்பட்டது 1830-இல். இடையில் 26 ஆண்டுகள். அந்த இஞ்சினே கடைசியில் ஆலைக்குள் ஓரிடத்தில் நின்று வேலைசெய்யும் பொறியாகிவிட்டதாம். வெற்றி பெற்ற ஒன்றை ஏன் ஓரங்கட்டினார்கள்? பணமா, அச்சமா, வேறு ஏதாவதா?

தறிநாடன்:
இதற்கு விடை எளிது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால்தான் ஜான் பிளென்கின்சாப் 1811-இல் பல்சக்கர முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்கள், இஞ்சினில் அவற்றைப் பற்றிச் சுழலும் சக்கரம். 1812-இல் லீட்ஸ் நகரின் மிடில்டன் நிலக்கரிப் பாதையில் அது ஓடியது. வழுக்கும் என்ற பயம் தீர்ந்த பிறகுதான் ரயில் வளர்ந்தது.

கூடவே ஒரு செய்தி. தண்டவாள இடைவெளி 4 அடி 8½ அங்குலம் என்பது ரோமானியத் தேர்களின் சக்கர அகலத்திலிருந்து வந்தது.

பாதைக்காவலர்:
நான் ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தறிநாடன் தம்பி சொன்னதில் பாதி சரி. வழுக்கும் என்ற பேச்சு இருந்தது உண்மை. ஆனால் டிரெவிதிக்கின் சக்கரங்களில் பல் எதுவும் கிடையாது. 10 டன்னை இழுக்கும் அளவுக்குப் பிடிப்பு உண்டென்று 1804-இலேயே கண்ணெதிரே தெரிந்துவிட்டது. ஆகவே அந்த இஞ்சின் நின்றதற்குக் காரணம் வழுக்கல் அல்ல. அதன் அடியில் இருந்த பாதை உடைந்தது.

அங்கே இருந்தது நாம் இன்று பார்க்கும் தண்டவாளம் அல்ல. மூன்றடி நீளமுள்ள வார்ப்பிரும்புத் தகடுகள். வண்டிச் சக்கரத்தில் விளிம்பு இல்லாததால், சக்கரம் விலகாமல் இருக்கத் தகட்டிலேயே ஒரு பக்கம் நிமிர்ந்த விளிம்பு இருக்கும். ஒவ்வொரு தகடும் இரண்டு கல் பாளங்களின் மேல் உட்கார்ந்திருக்கும்; நடுவில் தாங்கல் இல்லை.

இப்போது சுமையைப் பாருங்கள். அன்றைய ஓட்டத்தில் 10 டன் இரும்பு ஐந்து வண்டிகளில் பிரிந்திருந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு டன். வண்டியின் சொந்த எடையைச் சேர்த்தாலும், நான்கு சக்கரங்களில் ஒவ்வொன்றும் தகட்டின்மேல் வைக்கும் எடை ஒரு டன்னுக்குக் குறைவு. இஞ்சினோ சுமார் 5 டன். ஒரு சக்கரத்துக்கு ஒன்றேகால் டன். இது ஏதோ சிறிய வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் அந்த இஞ்சினுக்கு ஸ்பிரிங் கிடையாது. ஒரே ஒரு சிலிண்டர். அதன் உந்து விசை விட்டுவிட்டு வரும். ஒரு பக்கத்தில் பெரிய சமன்சக்கரம். ஆகவே எடை அமைதியாக இறங்காமல் அடி அடியாக இறங்கியது.

வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரண்டு கற்களுக்கு நடுவே சக்கரம் அழுத்தும்போது தகட்டின் மேற்பகுதி நெருங்கும், அடிப்பகுதி இழுபடும். வார்ப்பிரும்பு அங்கேதான் பிளக்கும். வளைந்து எச்சரிக்கையும் தராது, சட்டென்று உடையும். குதிரை இழுக்கும் பாதையில் ஒரு தகடு உடைந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். இஞ்சின் ஒவ்வொரு முறை போகும்போதும் உடைந்தால் எந்த முதலாளி பொறுப்பார்?

ரோமானியத் தேர் கதையை விட்டுவிடுங்கள். அந்தக் காலப் பாதைகளுக்கு ஒரே இடைவெளி கிடையாது. இங்கிலாந்தின் வைலம் சுரங்கப் பாதையில் 5 அடி. ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேலைசெய்த கில்லிங்வொர்த்தில் 4 அடி 8 அங்குலம். அவர் தனக்குப் பழக்கமான அளவை அடுத்தடுத்த பாதைகளுக்கும் கொண்டுபோனார். அவர் கட்டிய பாதைகள் பெருகியதால் அந்த அளவும் பெருகியது.

தங்கவயல் மகன்:
என் தந்தை கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் கல் வண்டி தள்ளியவர். நிரம்பிய வண்டியை இரண்டு பேர் தள்ளிவிடுவார்கள். கிளப்புவதுதான் கஷ்டம், ஓடத் தொடங்கிவிட்டால் தானாகவே போகும் என்பார். மண் தரையில் அதே வண்டியை அசைக்கவே முடியாது என்றும் சொல்வார். தண்டவாளம் இருந்தாலே இவ்வளவு சுலபம் என்றால், குதிரையே போதுமே? அந்த இஞ்சினுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

கரிப்புகை:
தங்கவயல் மகன் கேட்டதைத்தான் இருநூறு ஆண்டுகளாகச் சுரங்க முதலாளிகளும் நினைத்தார்கள். நாட்டிங்ஹாம் அருகே ஸ்ட்ரெல்லியிலிருந்து வொலாட்டனுக்கு ஹண்டிங்டன் போமான்ட் மரத் தண்டவாளம் போட்டது 1604 வாக்கில். அதன் பிறகு டைன் ஆற்றங்கரை முழுவதும் இதே முறை பரவியது. சுரங்கம் மேட்டில், ஆறு பள்ளத்தில். நிரம்பிய வண்டி தன் எடையாலேயே கீழே இறங்கும்; வண்டிக்காரர் பிரேக் கட்டையின் மேல் உட்கார்ந்து வேகத்தைப் பிடித்துக்கொள்வார், குதிரை பின்னால் நடந்து வரும். கரியைக் கப்பலுக்குக் கொட்டியபின் காலி வண்டியைக் குதிரை மேலே இழுத்துப்போகும். சுமக்கும் வேலையைச் சரிவு செய்தது, திரும்பும் வேலையைக் குதிரை செய்தது. இதற்காக 1720-களில் இங்கிலாந்தின் காஸி என்ற இடத்தில் 100 அடிக்கு மேல் அகலமுள்ள கல் வளைவுப் பாலமே கட்டினார்கள். இன்றும் நிற்கிறது.

குதிரைக்கு எல்லை இரண்டு இடங்களில் வந்தது. ஒன்று தீனி. நெப்போலியன் போர்க்காலத்தில் படைக்குக் குதிரையும் வேண்டும், தீவனமும் வேண்டும். விலை ஏறியது. சுரங்க வாசலில் கரி கொட்டிக் கிடந்தது. 1812-இல் மிடில்டனிலும் அடுத்த ஆண்டுகளில் வைலத்திலும் இஞ்சின் முயற்சிகள் நெருக்கமாக வந்தது தற்செயல் அல்ல.

இரண்டாவது வேகம். குதிரை நடக்கும் வேகத்தில் நன்றாக இழுக்கும். ஓட வைத்தால் தன் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடவே அதன் வலு செலவாகிவிடும். வண்டிக்கு மிஞ்சுவது சொற்பம். அஞ்சல் வண்டிகள் பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றியது அதனால்தான். கரிக்கு வேகம் தேவையில்லை. மனிதர்களுக்குத் தேவை.

பிளென்கின்சாப் பற்றித் தறிநாடனுக்கு ஒரு சேர்க்கை. அவருடைய பல்சக்கரத்தை வழுக்கலுக்குப் பயந்த வேலை என்று மட்டும் பார்க்காதீர்கள். வழுக்காமல் அதிகம் இழுக்க வேண்டுமென்றால் இஞ்சின் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் வார்ப்பிரும்பு உடையும். பல் இருந்தால் 5 டன் இஞ்சினே பெரும் சுமையை இழுக்கும். பாதையின் பலவீனத்தை நன்கு புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

பாதைக்காவலர்:
கரிப்புகை ஐயா சொன்னது மிகச் சரி. இதற்கு வைலத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தச் சுரங்கத்தின் உரிமையாளர் கிறிஸ்டோபர் பிளாக்கெட். 1805-இல் அவருக்காக டிரெவிதிக் வடிவமைப்பில் கேட்ஸ்ஹெட்டில் ஓர் இஞ்சின் செய்தார்கள். அவருடைய பாதையோ அப்போது மரப்பாதை. இஞ்சின் அதற்குக் கனம் என்று ஏற்கப்படவில்லை. 1808-இல் பிளாக்கெட் மரத்தை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புத் தகடு போட்டார். 1813–14-இல் வில்லியம் ஹெட்லி அங்கே 'பஃபிங் பில்லி'யைச் செய்தார். நான்கு சக்கரம். பல் கிடையாது, பிடிப்பு போதுமா என்பதை ஆட்களை வைத்துக் கையால் சுழற்றும் வண்டியில் முன்பே சோதித்துப் பார்த்திருந்தார். இஞ்சின் ஓடியது. தகடுகள் உடைந்தன.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? இஞ்சினுக்கு எட்டுச் சக்கரம் வைத்தார்கள். அதே எடை எட்டு இடத்தில் பிரிந்தது, தகடு பிழைத்தது. பிறகு 1830 வாக்கில் அங்கே வலுவான தண்டவாளம் போட்டதும், அதே இஞ்சினை மறுபடியும் நான்கு சக்கரமாக மாற்றிவிட்டார்கள். ஒரே இஞ்சின், அதே வேலை. பாதைக்கு ஏற்பச் சக்கரத்தின் எண்ணிக்கை மட்டும் மாறியது. பணிக்காலம் முழுக்கத் தண்டவாளத்தைப் பார்த்தே நடந்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பொன்மொழி:
மன்னிக்கவும், எல்லாவற்றையும் பாதையின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. நான் வெப்பவியல் படிப்பவள். 1820-களின் இஞ்சின்கள் நல்ல பாதையிலும் வேகமாக ஓடவில்லையே! காரணம் கொதிகலன். பெரிய பீப்பாய் போன்ற கொதிகலனுக்குள் ஒரே ஒரு பெரிய நெருப்புக்குழாய் இருக்கும். நெருப்பின் சூடு நீருக்குச் செல்ல அந்தக் குழாயின் பரப்பு மட்டுமே. கொஞ்ச தூரம் போனதும் நீராவி தீர்ந்துவிடும். நின்று அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

1829-இல், லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்கு இஞ்சின் தேர்ந்தெடுக்க நடந்த ரெயின்ஹில் போட்டிக்கு வந்த 'ராக்கெட்' இஞ்சினில் ஒரு பெரிய குழாய்க்குப் பதில் 25 சிறிய செப்புக் குழாய்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் நிறுவனச் செயலர் ஹென்றி பூத் சொன்ன யோசனை அது. பிரான்சில் மார்க் செகனும் தனியாக இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும்போது நெருப்பின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இஞ்சின் வேகமாக ஓட ஓட நெருப்பு தானே கொழுந்துவிடும். 13 டன் சுமையோடு சராசரி 12 மைல். உச்சத்தில் 29 மைல் வரை போனது. குதிரைக்கு எட்டவே முடியாத இடம் இது. இதைச் செய்தது கொதிகலன், தண்டவாளம் அல்ல.

பாதைக்காவலர்:
அம்மா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் அந்தப் போட்டியின் விதிகளையும் பாருங்கள். இஞ்சின் 6 டன்னுக்கு மேல் கூடாது. நான்கு சக்கரம் என்றால் நாலரை டன்னுக்கு மேல் கூடாது. ஸ்பிரிங் கட்டாயம். விதி எழுதியவர்கள் இஞ்சினை நினைத்தா எழுதினார்கள்? பாதையைக் காப்பாற்ற எழுதினார்கள். ராக்கெட் நாலேகால் டன். எடையைக் கூட்டாமல் நீராவியைக் கூட்ட வேண்டிய நெருக்கடி இருந்ததால்தான் சிறு குழாய்களுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது.

அந்த ராக்கெட் ஓடியதும் எதன் மேல்? 1820-இல் பெட்லிங்டன் இரும்பாலையின் ஜான் பிர்கின்ஷா தேனிரும்பை உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டித் தண்டவாளம் செய்யக் காப்புரிமை பெற்றார். தேனிரும்பு இழுபட்டாலும் தாங்கும்; உடைவதற்கு முன் வளையும். மூன்று நான்கு அடிக்குப் பதில் 15 அடி நீளம். ஸ்டீபன்சனுக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளத்தில் சொந்தக் காப்புரிமைப் பங்கு இருந்தது. அப்படியிருந்தும் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்குப் பிர்கின்ஷாவின் தண்டவாளத்தையே பரிந்துரைத்தார். தன் வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

நீளம் ஏன் முக்கியம் என்பது பாதையில் நடந்தவருக்குத்தான் முழுதாகத் தெரியும். தண்டவாளம் கெடுவது பெரும்பாலும் இணைப்பில். ஒரு முனை சற்றுத் தாழ்ந்திருந்தால் சக்கரம் அடுத்த முனையின்மேல் விழுந்து அடிக்கும். அடி விழ விழ அந்த முனை நசுங்கும், கீழே உள்ள தாங்கல் அமுங்கும், அடுத்த அடி இன்னும் பலமாக விழும். மூன்றடிக்கு ஓர் இணைப்பு என்றால் ஒரு மைலுக்கு, ஒரு வரிசையில் மட்டும், 1,760 இணைப்புகள். 15 அடி என்றால் 352. எங்கள் காலத்தில் பாதையைச் சோதிக்கும் கீமேன் சுத்தியலோடு நடக்கும்போது கண் முதலில் இணைப்பைத்தான் பார்க்கும். போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருக்கிறதா, அடியில் ஜல்லி வெளுத்துப் பொடியாகியிருக்கிறதா என்று. பொடி இருந்தால் அங்கே பாதை துள்ளுகிறது என்று பொருள்.

தேனிரும்பும் நிரந்தரமல்ல. கனமான இஞ்சின் வந்ததும் அதன் மேற்பரப்பு ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. 1857-இல் டார்பி நிலையத்தில், சில மாதங்களுக்கு ஒருமுறை தண்டவாளம் மாற்ற வேண்டியிருந்த ஓரிடத்தில் எஃகுத் தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். அது 1873 வரை கிடந்தது.

நிலாமுற்றம்:
இப்போது படம் தெளிகிறது. ஆனால் 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் திறந்ததுமே குதிரை ஓய்ந்துவிட்டதா? அங்கே நல்ல தண்டவாளமும் இருந்தது, 'லோகோமோஷன்' இஞ்சினும் இருந்ததே?

கரிப்புகை:
இல்லை. 1825 செப்டம்பர் 27 திறப்பு விழாவில் ஸ்டீபன்சனின் இஞ்சின் இழுத்தது. அடுத்த மாதம் தொடங்கிய அன்றாடப் பயணிகள் வண்டியை இழுத்தது குதிரை. அந்தப் பாதை அன்றைய சாலை போல. கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் தம் வண்டியைத் தம் குதிரையோடு ஓட்டலாம். ஒற்றைப் பாதை, இடையிடையே ஒதுங்கிடம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் சந்தித்தால் யார் பின்வாங்குவது என்று சண்டை வரும். இரண்டு ஒதுங்கிடங்களுக்கு நடுவே கம்பம் நட்டு, அதை முதலில் கடந்தவர் முன்னேறலாம், மற்றவர் பின்வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே இஞ்சின் தன் வேகத்தில் எப்படிப் போகும்?

பாதையின் அமைப்பிலேயே குதிரை இருந்தது. குறுக்கே கட்டை போட்டால் குதிரை இடறும். அதனால் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் தனித்தனிக் கல் பாளம். நடுவில் குதிரை நடக்க வெறும் தரை. 1828-இல் இன்னொன்றும் வந்தது: வண்டித்தொடரின் கடைசியில் குதிரைக்கென்று ஒரு தாழ்ந்த பெட்டி. இறக்கம் வந்ததும் குதிரை அதில் ஏறி நின்று தீனி தின்றுகொண்டே வரும். ஓய்வெடுத்த குதிரை அதே நாளில் அதிக தூரம் இழுத்தது என்பதால் அது நல்ல கணக்கு.

இஞ்சினும் அப்போது நம்பகமாக இல்லை. 1828-இல் லோகோமோஷனின் கொதிகலன் வெடித்து ஓட்டுநர் இறந்தார். 1827-இல் திமோத்தி ஹாக்வொர்த் ஆறு சக்கரங்களையும் இணைத்து 'ராயல் ஜார்ஜ்' செய்த பிறகுதான் இஞ்சினை நம்பலாம் என்ற நிலை வந்தது. பயணிகள் வண்டியை நிறுவனமே எடுத்துக்கொண்டு குதிரையை நிறுத்தியது 1833-இல்.

லிவர்பூல்–மான்செஸ்டர் இதிலிருந்துதான் வேறுபட்டது. இரட்டைப் பாதை, எல்லா வண்டியும் நிறுவனத்துடையது, நேர அட்டவணை. சரக்குக்காகத் தொடங்கிய அந்தப் பாதையில் முதல் ஆண்டுகளில் சரக்கைவிடப் பயணிகளே அதிக வருமானம் தந்தார்கள். இதைப் பார்த்துத்தான் பெல்ஜியம் அரசே முன்நின்று நாடு முழுவதற்கும் பாதை வகுத்தது. 1835-இல் பிரஸல்ஸ்–மெக்கலன் தொடங்கியது.

தறிநாடன்:
சென்னையை யாரும் சொல்லவில்லையே. 1837 வாக்கில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு பாதை இருந்தது. இந்தியாவில் நீராவி ரயில் பம்பாய்க்கு முன்பே நம் ஊரில்தான்!

கரிப்புகை:
பாதை இருந்தது உண்மை. ஆர்தர் காட்டனின் மேற்பார்வையில் சாலைக்குக் கல் கொண்டுவரப் போட்டார்கள். அங்கே நீராவி இஞ்சினையும் முயன்று பார்த்தார்கள். ஆனால் பெரும்பாலும் இழுத்தவை விலங்குகள். சில ஆண்டுகளிலேயே அது முடிந்துபோனது. பயணிகளுக்கான ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1. பம்பாய் 1853.

குதிரையும் இஞ்சினும் கலந்து ஓடியது நமக்கு மட்டும் உரியதல்ல. 1835-இல் திறந்த நியூரம்பெர்க்–ஃபியூர்த் பாதையில் நாளுக்குச் சில ஓட்டங்கள்தான் இஞ்சினுக்கு, மற்றவை குதிரைக்கு. கரி தொலைவிலிருந்து வர வேண்டும், விலை கட்டாது. லின்ஸ்–புட்வைஸ் குதிரைப் பாதை 128 கி.மீ. நீளம், 1832-இல் முடிந்தது. செலவைக் குறைக்க அதன் தென்பகுதியில் கூர்மையான வளைவும் செங்குத்தான ஏற்றமும் வைத்துவிட்டார்கள். குதிரைக்கு அது பொருட்டல்ல. பின்னால் இஞ்சினை அங்கே ஓட்ட முடியாமல் போய்விட்டது.

பொன்மொழி:
அப்படியென்றால் பாதைக்காவலர் ஐயாவுக்கு வலுச் சேர்ந்துவிட்டது. இருந்தாலும் என் ஐயம் போகவில்லை. ஒரு கற்பனை: 1804-இல் பெனிடாரனில் தேனிரும்புத் தண்டவாளம் இருந்திருந்தால்? இஞ்சின் தொடர்ந்து ஓடியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் இரும்பு மட்டும்தானே இழுத்திருக்கும்? மனிதர்கள் ஏறியிருப்பார்களா?

பாதைக்காவலர்:
ஏறியிருக்க மாட்டார்கள் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதைத் திருத்துகிற கைகளும் உருவாகும். ஸ்டீபன்சன் கில்லிங்வொர்த்தில் 1814 முதல் இஞ்சின் செய்து செய்துதானே கற்றார்? டிரெவிதிக்குக்கு அந்த வாய்ப்பைப் பாதை கொடுக்கவில்லை.

கரிப்புகை:
எனக்கோ தீவன விலையின் பங்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. போர் முடிந்தபின் விலை தளர்ந்த ஆண்டுகளில் புதிய முயற்சிகள் ஏன் மெதுவாகின என்பதற்குப் பாதை மட்டும் விடை சொல்லாது.

தங்கவயல் மகன்:
என் மகள் லண்டனில் படிக்கிறாள். அடுத்த முறை போகும்போது இந்த இஞ்சின்களில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

பாதைக்காவலர்:
லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பஃபிங் பில்லி இருக்கிறது. வேலையிலிருந்து 1862-இல்தான் ஓய்வு கொடுத்தார்கள். அதன் உடன்பிறப்பான 'வைலம் டில்லி' எடின்பரோவில். பஃபிங் பில்லியின் அடியில் குனிந்து பாருங்கள்: நான்கு சக்கரம், ஓரத்தில் விளிம்பு. தகட்டுப் பாதையில் ஓடிய காலத்தில் அந்த விளிம்பு கிடையாது. தண்டவாளம் மாறிய பிறகு வந்தது. கொதிகலனின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் சிலிண்டர்களையும் பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது முழு இஞ்சினும் எப்படித் துள்ளியிருக்கும், அந்தத் துள்ளல் கீழே எதன்மேல் விழுந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.